சப்டைட்டில் வரியை எங்கே முறிப்பது

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றிலிருந்து வெளிவரும் தமிழ் சப்டைட்டில் கோப்பைத் திறந்து பார்த்தால், சொற்கள் பெரும்பாலும் சரியாக இருந்தும் படிப்பதற்கு அது தடுமாற வைக்கும். கேட்ட சொற்களை மென்பொருள் குறித்த கால அளவிலோ குறித்த எழுத்தெண்ணிக்கையிலோ வெட்டி வைத்திருக்கிறதே தவிர, பேசியவர் ஒரு கருத்தை எங்கே முடித்தார் என்பதை அது பார்க்கவில்லை. சரியான சொற்களைக் கொண்ட அத்தகைய கோப்பை எடுத்து, வரிகள் இயல்பான சொற்றொடர் எல்லைகளில் முறியும்படியும் திரைக்குள் அடங்கும்படியும் மறுபடி அடுக்குவதைப் பற்றியது இக்கட்டுரை. இந்த வேலைக்கென்று பழகிவந்த அளவுகோல்களில் பல லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றை அப்படியே தமிழுக்குப் பொருத்தும்போது எங்கே தவறுகிறது என்பதையே இங்கு முதன்மையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விளக்குவதற்காக ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏரியைப் பற்றிய ஆவணப்படத்தின் பின்னணிக் குரல் அது. எஸ்ஆர்டி வடிவத்தில் அது இப்படி வந்திருக்கிறது என்று கொள்வோம்.

```
14
00:01:02,000 --> 00:01:03,400
இந்த ஏரியில் மழை பெய்தால் ஒரு

15
00:01:03,400 --> 00:01:05,100
போகத்துக்குத் தண்ணீர் இருக்கும் ஆனால் மதகு

16
00:01:05,100 --> 00:01:08,200
உடைந்துவிட்டதால் இரண்டு வருடமாக வயலுக்குத்

17
00:01:08,200 --> 00:01:10,000
தண்ணீர் வரவில்லை என்று பெரியவர் சொன்னார்
```

எஸ்ஆர்டி கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், உரை ஆகியவை மட்டுமே உண்டு. வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அதில் இடமில்லை. ஆகவே துண்டுகளைத் தனித்தனியாகத் திருத்த முயல்வது வீண். 14ஆம் துண்டில் தொங்கும் ‘ஒரு’ என்ற சொல்லை அடுத்த துண்டுக்குத் தள்ளினால் அங்கே நீளம் மிகும், அங்கிருந்து தள்ளினால் அதற்கடுத்ததில் மிகும். முதலில் எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாகச் சேர்த்துவிட்டு, ஒவ்வொரு சொல்லும் எந்த நொடியில் ஒலித்தது என்ற குறிப்பை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிறகு புதிதாக வெட்டுவதே சரியான வழி.

வெட்டுவதற்கு முன் நீளத்தை எதனால் அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் வழங்கிய, பார்ப்பவர் விரும்பினால் மட்டும் திரையில் எழுத்தைக் காட்டும் மூடிய தலைப்பு முறையில் ஒரு வரிக்கு 32 கட்டங்கள் இருந்தன. இன்று ஆங்கிலத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரு வரிக்கு 42 எழுத்துகள், ஒரு துண்டுக்கு இரண்டு வரிகள் என்று வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் கணினி எண்ணும் குறியும் கண் காணும் எழுத்தும் ஒன்றே. தமிழில் அப்படி இல்லை. யூனிகோடில் ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். படிப்பவருக்கு அது மூன்றெழுத்து. ‘கொண்டிருந்தார்’ என்பதில் கணினி 14 குறிகளை எண்ணும், நாம் ஏழு எழுத்துகளையே காண்போம். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் நிலையானதாக இருந்தாலாவது ஒரு எண்ணால் வகுத்துச் சமாளித்துவிடலாம். ஆனால் ‘மதகு’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு நான்கு குறிகளே போதும். அதனால் குறிகளை எண்ணும் கருவி ஒரு வரியைத் தேவையின்றிக் குறுக்கும், இன்னொரு வரியை நீள விட்டுவிடும்.

எனவே எழுத்துகளாகவே எண்ண வேண்டும். பைதான் மொழியில் கூடுதலாக நிறுவிக்கொள்ளும் `regex` தொகுப்பில் `\X` என்ற குறி ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும்.

```python
import unicodedata, regex

def ezhuthu(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return len(regex.findall(r"\X", s))
```

‘கொ’ போன்ற எழுத்தைச் சிலர் ஒரே ஒகரக் குறியாகவும், சிலர் எகரக் குறியும் துணைக்காலுமாகப் பிரித்தும் தட்டச்சு செய்திருப்பார்கள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரவே `NFC` வரி இருக்கிறது. சொற்களைத் தேடும் இடங்களிலும் இதைச் செய்யாவிட்டால் பிழை வரும், அதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

எழுத்தெண்ணிக்கையும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. ‘ட’, ‘ர’ போன்றவை ஒடுங்கியவை. ‘ணௌ’, ‘ஞை’ போன்றவை நன்றாக அகன்று நிற்பவை. திரைக்குள் அடங்குமா என்பதை உறுதியாக அறிய, பயன்படுத்தப்போகும் எழுத்துருவில், பயன்படுத்தப்போகும் அளவில், வரியின் அகலத்தைப் படப்புள்ளிகளில் அளக்க வேண்டும். காணொளியோடு எழுத்தைப் பதித்து வெளியிடுபவருக்கு இது இயலும். எஸ்ஆர்டி கோப்பைத் தனியாக அனுப்புபவருக்கு இது கைக்குள் இல்லை. அந்தக் கோப்பில் எழுத்துரு குறிக்கப்படுவதில்லை, காட்டும் கருவி தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். வரி மிக நீண்டால் கருவியே அதைத் தன் விருப்பப்படி மடக்கும். இரண்டு வரியாக நாம் அனுப்பியது மூன்று வரியாகி, நடுவிலோ கடைசியிலோ ஒற்றைச் சொல் தனியே நிற்பது கண்ணில் பட்டால் நடந்தது இதுதான். ஆகவே எல்லையைச் சற்று இறுக்கமாக வைப்பது நல்லது. அகலத்திரைக்கு ஒரு வரிக்கு 30 எழுத்து என்று இந்த எடுத்துக்காட்டுக்குக் கொள்கிறேன். இது எல்லாருக்கும் பொதுவான விதி அன்று, தம் எழுத்துருவில் சோதித்து ஒவ்வொருவரும் மாற்றிக்கொள்ள வேண்டியது.

இனி வெட்டும் இடம். எளிய நிரல்கள் வரி நிறையும்வரை சொற்களைச் சேர்த்துக்கொண்டே போய், அடுத்த சொல் அடங்காத இடத்தில் முறிக்கும். நம் வாக்கியத்தின் முதற்பகுதி ‘இந்த ஏரியில் மழை பெய்தால் ஒரு போகத்துக்குத் தண்ணீர் இருக்கும்’ என்பது. 30 எழுத்தை எல்லையாக வைத்தால் அத்தகைய நிரல் ‘போகத்துக்குத்’ என்ற சொல்வரை, இடைவெளிகளோடு 27 எழுத்துகளை, முதல் வரியில் நிரப்பிவிட்டு, ‘தண்ணீர் இருக்கும்’ என்பதைக் கீழே தள்ளும். சற்று மேம்பட்ட கருவிகள் இரண்டு வரிகளையும் சம நீளமாக்கப் பார்க்கும். அங்கே நடப்பது இன்னும் மோசம். ‘இந்த ஏரியில் மழை பெய்தால் ஒரு’ என்பது 19 எழுத்து. ‘போகத்துக்குத் தண்ணீர் இருக்கும்,’ என்பதும் காற்புள்ளியோடு சேர்த்து 19 எழுத்து. அளவில் இதைவிடச் சமமான பிரிவு கிடைக்காது, படிப்பதற்கு இதைவிடக் கெட்ட பிரிவும் கிடைக்காது. ‘ஒரு’ என்று படித்த கண் எதன் முன்னொட்டு அது என்று தெரியாமல் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது.

வேண்டிய முறிவு ‘பெய்தால்’ என்பதற்குப் பிறகு வருவது. மேல்வரி 16, கீழ்வரி காற்புள்ளியோடு 22. நிபந்தனை ஒரு வரி, விளைவு ஒரு வரி. இதை நிரலுக்குச் சொல்ல, ஒவ்வொரு சொல்லிடைவெளிக்கும் ஒரு தண்டப்புள்ளியை வைப்பது வழக்கம். முறிக்கக்கூடாத இடத்துக்கு 100, தவிர்க்க வேண்டிய இடத்துக்கு 60, இயல்பான இடத்துக்குச் சுழி என்று வைத்து, இரண்டு வரிகளின் நீள வேறுபாட்டை அதனோடு கூட்டுவோம். ‘ஒரு’ என்பதன் பின் முறித்தால் நீள வேறுபாடு இல்லாவிட்டாலும் மொத்தம் 100. ‘போகத்துக்குத்’ என்பதன் பின் முறித்தால் 60உடன் 16 சேர்ந்து 76. ‘பெய்தால்’ என்பதன் பின் முறித்தால் வெறும் 6. நீண்ட பகுதிக்கு இதையே எல்லா முறிவுகளுக்குமாகச் சேர்த்துப் பார்த்து மொத்தத் தண்டம் குறைந்த அடுக்கைத் தேர்ந்தெடுக்கலாம். பத்திகளை வரிகளாக முறிக்க 1981இல் டொனால்ட் குனூத்தும் மைக்கேல் பிளாஸும் வெளியிட்ட முறையின் அடிப்படையும் இதுவே. ஒரு வரியை மட்டும் பார்க்காமல் முழுப் பத்தியையும் ஒருசேரப் பார்ப்பது அது.

கணக்கு எளிது. தண்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் தமிழ் இலக்கணம் தேவைப்படுகிறது. தமிழில் வினை கடைசியில் வரும், தழுவும் சொல் தழுவப்படும் சொல்லுக்கு முன்னே வரும். அதனால் பெயரெச்சத்தையும் அதைத் தொடரும் பெயரையும், ‘இந்த’, ‘அந்த’, ‘ஒரு’ முதலியவற்றையும் அவை சுட்டும் பெயரையும், எண்ணையும் எண்ணப்படுவதையும், முதல் வினையையும் துணைவினையையும், பெயரையும் ‘பற்றி’, ‘மேல்’, ‘வரை’ போன்ற சொல்லுருபுகளையும் பிரிக்கக்கூடாது. நிபந்தனை எச்சத்துக்கும் காரணம் காட்டும் ‘-அதால்’ ஈற்றுக்கும் பின்னரும், ‘ஆனால்’, ‘எனவே’, ‘ஏனெனில்’ போன்ற இணைப்புச் சொற்களுக்கு முன்னரும் தாராளமாக முறிக்கலாம்.

இவற்றை ஈற்றெழுத்தை வைத்தே பிடித்துவிடலாம் என்று தோன்றும், பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘-ஆல்’ என்று முடியும் சொல்லுக்குப் பின் முறிக்கலாம் என்று விதி எழுதினால் ‘பெய்தால்’, ‘உடைந்துவிட்டதால்’ இரண்டும் சரியாக அகப்படும். ஆனால் ‘ஆனால்’ என்ற சொல்லும் அவ்வாறே முடிகிறது. அதன் பின் முறித்தால், அடுத்த கருத்தைத் தொடங்கும் சொல் முந்தைய வரியின் வாலில் போய்த் தொங்கும். ‘கத்தியால்’ என்ற கருவிப் பொருளும் அதே ஈற்றைக் கொண்டது, அதன் பின் முறிப்பதும் பொருந்தாது. எனவே ஈற்றை வைத்து எழுதும் ஒவ்வொரு விதிக்கும் விலக்குப் பட்டியல் ஒன்று தேவை. அந்தப் பட்டியல் கோப்புகளைப் பார்க்கப் பார்க்கத்தான் வளரும்.

ஈறுகளைவிட நம்பத்தக்க குறிப்பு ஒன்று தமிழ் எழுத்துமுறையிலேயே இருக்கிறது, அது வல்லினம் மிகுதல். ‘வயலுக்குத் தண்ணீர்’, ‘பார்த்துக் கொண்டான்’, ‘அதைப் படித்தார்’ என்னும்போது சொல்லின் இறுதியில் நிற்கும் ஒற்று, அடுத்த சொல்லோடு இது சேர்த்துச் சொல்லப்படுகிறது என்பதை எழுத்திலேயே காட்டிவிடுகிறது. தமிழ்ச் சொற்கள் இயல்பாக க், ச், த், ப் என்ற ஒற்றுகளில் முடிவதில்லை. ‘மார்ச்’, ‘கிளப்’ போன்ற வேற்றுமொழிச் சொற்களே அப்படி முடிகின்றன. ஆகவே ஒரு சொல் இந்த நான்கில் ஒன்றில் முடிந்து, அடுத்த சொல்லும் அதே மெய்யில் தொடங்கினால், அந்த இடைவெளி முறிவுக்கு உகந்தது அன்று என்று நிரல் ஏறக்குறையத் துணிந்து சொல்லலாம். நம் மூலக்கோப்பின் 16ஆம் துண்டு ‘வயலுக்குத்’ என்று முடிந்தபோது அது எவ்வளவு அறுந்து தெரிந்தது என்பதைப் பாருங்கள். அந்த ‘த்’ அடுத்து வரும் சொல்லை அழைத்துக்கொண்டே நிற்கிறது, திரையிலோ அந்தச் சொல் இல்லை. ஒற்று மிகாமல் எழுதப்பட்ட உரைகளில் இந்தக் குறிப்பு கிடைக்காது என்பது இதன் குறை. ஒற்றுப்பிழைகளை முதலில் திருத்திவிட்டு வரிகளை அடுக்குவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஒற்று வரும் இடத்தை 100 என்று வைக்காமல் 60 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. நிமிர்ந்த கைப்பேசித் திரைக்கு அதே வாக்கியத்தை அடுக்குவதாகக் கொள்வோம், எல்லை 20 எழுத்து. ‘ஒரு போகத்துக்குத் தண்ணீர் இருக்கும்’ என்பது 21 எழுத்து, ஒரே வரியில் அடங்காது. ‘ஒரு போகத்துக்குத்’ என்று மேலும் ‘தண்ணீர் இருக்கும்’ என்று கீழுமாகப் பிரிப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. ஒரே துண்டின் இரு வரிகளுக்கிடையே இப்படி நேர்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கண்முன் இருப்பதால் இழப்பு சிறிது. ஒரு துண்டு மறைந்து மறு துண்டு தோன்றும் இடத்தில் இதைச் செய்யக்கூடாது. வரி முறிவும் துண்டு முறிவும் ஒரே எடையுள்ளவை அல்ல, தண்டப்புள்ளிகளைத் துண்டு எல்லையில் இரட்டித்து வைப்பது பயன் தரும். தவிர்க்கவே முடியாமல் ஒற்றுள்ள இடத்தில் துண்டு முடிந்தால் அந்த ஒற்றை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. உரைநடையில் காற்புள்ளி இட்டு நிறுத்தும் இடத்தில் நாம் ஒற்று மிகாமல்தானே எழுதுகிறோம்.

‘என்று’ என்பதையும் தனியே கவனிக்க வேண்டும். அது முன்னுள்ள கூற்றோடும் ஒட்டும், பின்னுள்ள ‘சொன்னார்’ என்பதோடும் ஒட்டும். ‘வரவில்லை என்று’ என நிறுத்தினால் கூற்று முடிந்த உணர்வு கெடுகிறது. ‘என்று பெரியவர் சொன்னார்’ எனக் கீழ்வரியில் வைத்தால் மேலே கூற்று, கீழே கூறியவர் எனத் தெளிவாக நிற்கிறது. மேல்வரி நீண்டு கீழ்வரி குறுகுவதைச் சில நடைக் கையேடுகள் விரும்பாது, கீழ்வரி அகன்றிருப்பதே அவற்றுக்கு உகப்பு. சொற்றொடர் ஒருபக்கமும் வடிவம் மறுபக்கமும் இழுக்கும்போது சொற்றொடரின் பக்கமே நிற்க வேண்டும்.

அடுத்தது நேரம். சொல்வாரியான நேரக்குறிப்பு இருந்தால் கவலை இல்லை. இல்லாதபோது, ஒரு துண்டின் கால அளவை அதிலுள்ள எழுத்துகளுக்குப் பகிர்ந்து ஒவ்வொரு சொல்லும் எப்போது தொடங்கியிருக்கும் என்று நிரல்கள் மதிப்பிடுகின்றன. 16ஆம் துண்டில் இடைவெளிகளோடு 27 எழுத்து, கால அளவு 3.1 விநாடி. ‘இரண்டு’ என்பதற்கு முன் பத்து எழுத்து இருப்பதால் அது துண்டு தொடங்கி 1.15 விநாடியில், அதாவது 00:01:06,250 அளவில் தொடங்குவதாகக் கணக்கு வரும். ஆனால் பேசியவர் ‘உடைந்துவிட்டதால்’ என்று சொல்லிவிட்டு நிறுத்தி, 00:01:06,900இல்தான் ‘இரண்டு’ என்று தொடங்கினார் என்று கொள்வோம். மதிப்பீட்டை நம்பினால் அடுத்த துண்டு குரலுக்கு அரை விநாடிக்கும் மேல் முந்தித் தோன்றும். பேச்சில் நிறுத்தம் வருவது பெரும்பாலும் நாம் முறிக்க விரும்பும் சொற்றொடர் எல்லையில்தான் என்பதால், இந்த மதிப்பீடு நமக்கு வேண்டிய இடங்களிலேயே மிகுதியாகத் தவறும். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் ஒலியலையைத் திறந்து, துண்டு தொடங்கும் இடங்களை மட்டுமாவது அலையின் எழுச்சியோடு ஒப்பிட்டு நகர்த்த வேண்டும். அலையில் தெரியும் மௌனம் எங்கே முறிப்பது என்பதற்கும் சான்றாகும். மௌனமும் இலக்கணமும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே துண்டை முடித்துவிடலாம்.

இவ்வளவையும் சேர்த்தால் நம் வாக்கியம் அகலத்திரைக்கு இப்படி அமைகிறது.

```
14
00:01:02,000 --> 00:01:04,500
இந்த ஏரியில் மழை பெய்தால்
ஒரு போகத்துக்குத் தண்ணீர் இருக்கும்,

15
00:01:04,600 --> 00:01:06,800
ஆனால் மதகு உடைந்துவிட்டதால்,

16
00:01:06,900 --> 00:01:10,000
இரண்டு வருடமாக வயலுக்குத் தண்ணீர் வரவில்லை
என்று பெரியவர் சொன்னார்.
```

துண்டுகளுக்கிடையே 100 மில்லிவிநாடி விட்டிருக்கிறது. விநாடிக்கு 24 படச்சட்டம் ஓடும் படத்தில் இரண்டு படச்சட்டங்கள் 83 மில்லிவிநாடி ஆகும். அதற்கும் குறைவாக விட்டால் எழுத்து மாறியதைக் கண் உணராமல் போகலாம்.

படிக்கும் வேகத்தைச் சரிபார்க்கும்போதும் முன்சொன்ன எண்ணும் சிக்கல் திரும்ப வருகிறது. முதல் துண்டில் 38 எழுத்து, 2.5 விநாடி, ஆக விநாடிக்கு 15க்குச் சற்று மேல். குறிகளை எண்ணும் கருவி அதே துண்டில் 61ஐ எண்ணி விநாடிக்கு 24க்கு மேல் என்று காட்டும். ஆங்கிலத்துக்கு வைத்த 20 என்ற எல்லை அந்தக் கருவியில் அப்படியே இருந்தால் துண்டைச் சிவப்பில் காட்டி உரையைச் சுருக்கச் சொல்லும். நன்றாகப் படிக்கக்கூடிய தமிழ் வரிகள் இப்படித் தேவையின்றிச் சுருக்கப்படுவது வருந்தத்தக்கது, அதில் இழப்பது பேசியவரின் சொற்களை. அதற்காக எல்லையே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. எழுத்துகளில் எண்ணி, தம் பார்வையாளர்களைக் கொண்டு படிக்க வைத்துப் பார்த்து ஓர் எல்லையை வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் மிகுந்தால் முதலில் பார்க்க வேண்டியது துண்டுக்குப் பின் மௌனம் இருக்கிறதா என்பதை. இருந்தால் முடியும் நேரத்தை அரை விநாடி நீட்டினாலே போதும், சொல்லைக் குறைப்பது அதற்குப் பிறகுதான். காட்சி மாறும் வெட்டு அருகில் இருந்தால் மட்டும் அந்த வெட்டோடு துண்டை முடித்துவிட வேண்டும்.

கைப்பேசி அடுக்கில் இந்த நீட்டிப்பு கட்டாயமாகிறது. அங்கே கடைசித் துண்டு ‘என்று பெரியவர் சொன்னார்.’ என்பது மட்டுமே. எழுத்துப் பகிர்வுக் கணக்கில் அது 00:01:09,000 அளவில் தொடங்கி 00:01:10,000இல் முடியும், ஒரே விநாடி. படித்துவிடலாம், ஆனால் மின்னி மறைந்ததுபோல் இருக்கும். பின்னால் மௌனம் இருந்தால் 00:01:10,500வரை நீட்டலாம். இல்லாவிட்டால் அதை முந்தைய துண்டோடு சேர்க்க இயலுமா என்று எழுத்துருவின் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

நிரலை ஓட விடக்கூடாத இடங்களும் உள்ளன. ஒரே துண்டில் இருவர் பேசும் உரையாடலில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சிறுகோடு இட்டிருப்பார்கள். துண்டுகளைச் சேர்க்கும் முதற்படி அந்தக் கோட்டைக் கவனிக்காவிட்டால் ஒருவர் கேள்வியும் மற்றவர் பதிலும் ஒரே வாக்கியமாகிவிடும். பாடல் வரிகளில் முறிவை அடியும் எதுகையும் தீர்மானிக்கின்றன, அவற்றைத் தொடர் இலக்கணப்படி மறுபடி அடுக்கினால் பாட்டு சிதையும். இவ்விரண்டு வகைத் துண்டுகளையும் தொடக்கத்திலேயே தனியே குறித்து, நிரலின் கையில் படாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றவை முடிந்தபின் வரிசை எண்களை மட்டும் புதுப்பித்து உரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.